பினாங்கு வெள்ளத்தை வரைய மூன்று வழிகள்: மாவட்ட அலுவலகத்துக்கு எதைக் கொடுப்பது?

மாவட்ட அலுவலகம் ஒரு வெள்ள வரைபடம் கேட்டால், உண்மையில் அது மூன்று விஷயங்களைக் கேட்கிறது. மழை வலுத்தால் எந்தச் சந்தில் இருப்பவர்களை முதலில் கிளப்புவது, அவர்களை எந்த மண்டபத்துக்கு அனுப்புவது, எந்த நேரத்தில் சொல்லி அனுப்புவது. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அலுவலகச் சுவரில் தொங்கத்தான் பயன்படும்.

சுங்கை பினாங்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில், ஜாலான் பி. ரம்லியைச் சுற்றியுள்ள தாழ்வான குடியிருப்புகளை ஒட்டி, நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு வெள்ள வரைவு செய்து தீமோர் லாவுட் மாவட்ட அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினோம். தொடங்கும் முன் எங்கள் முன்னே மூன்று வழிகள் இருந்தன: செயற்கைக்கோள் ரேடார் படம், உயரத் தரவை வைத்துக் கணினியில் நீர் நிரப்பிப் பார்ப்பது, வீடு வீடாகப் போய் வெள்ளத் தடம் எடுப்பது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இதே வேலையை எடுக்க நினைக்கும் குடியிருப்பாளர் சங்கங்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரேடார் எங்கே உதவும், எங்கே உதவாது

பலரும் முதலில் சொல்லும் யோசனை செயற்கைக்கோள்தான். ஐரோப்பாவின் சென்டினல்-1 படங்கள் இலவசம். ரேடார் என்பதால் மேகமும் இருட்டும் தடையில்லை. அமைதியான நீர்ப்பரப்பு ரேடார் அலையைக் கண்ணாடி போல அப்பால் திருப்பிவிடும். அதனால் அலை செயற்கைக்கோளுக்குத் திரும்பி வராது, படத்தில் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். கறுப்பை எடுத்துக் கோடு போட்டால் வெள்ள எல்லை கிடைத்துவிடும் என்பது கணக்கு.

வயல்வெளியில் இந்தக் கணக்கு சரி. வரிசை வீடுகள் நிற்கும் தெருவில் சரிவராது. தெருவில் நிற்கும் தண்ணீரில் பட்ட அலை, பக்கத்துச் சுவரில் மோதி வந்த வழியே திரும்பிவிடுகிறது. ஆகவே வெள்ளம் நிற்கும் தெரு கறுப்பாகத் தெரிவதற்குப் பதிலாக முன்பைவிட வெளிச்சமாகக்கூடத் தெரியலாம். படத்தின் ஒரு புள்ளி 10 மீட்டர். எங்கள் பக்கத்துச் சந்துகளோ அதைவிடக் குறுகியவை.

அதைவிடப் பெரிய தடை நேரம். ஒரே பாதையில் ஒரு சென்டினல்-1 மறுபடி வர 12 நாள் ஆகும். வேறு பாதைகளையும் சேர்த்தால் இடைவெளி குறையும், ஆனாலும் நம் பகுதியை அது கடப்பது காலை அல்லது மாலை ஏழு மணியை ஒட்டித்தான். தீவின் வெள்ளம் மலையிலிருந்து ஆயர் ஈத்தாம் வழியாகவும், தண்ணீர்மலைப் பக்கத்து அருவியில் தொடங்கும் சுங்கை ஆயர் தெர்ஜுன் வழியாகவும் சில மணி நேரத்தில் இறங்கி, கடல் வற்றியதும் வடிந்துவிடும். செயற்கைக்கோள் வரும்போது சேறு மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அந்தப் படத்தை வைத்து "இங்கே வெள்ளம் இல்லை" என்று ஒருவர் முடிவு செய்துவிட்டால் அதுதான் ஆபத்து.

இதனால் ரேடார் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. செபராங் பிறை உத்தாராவின் நெல்வயல் பக்கம், நீர் நாள் கணக்கில் நிற்கும் இடங்களில், அது நல்ல கருவி. அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது: நடவுக்காகத் தண்ணீர் கட்டிய வயலும் வெள்ளம் புகுந்த வயலும் படத்தில் ஒன்று போலவே கறுக்கும். பயிர்ப் பருவம் தெரிந்தவர் கூடவே உட்கார்ந்து, வெள்ளத்துக்கு முந்தைய படத்தோடு ஒப்பிட்டால்தான் பிரித்துச் சொல்ல முடியும். எங்கள் சந்துகளுக்கு ரேடாரை விட்டுவிட்டோம்.

கணினியில் நீர் நிரப்புவது

இரண்டாவது வழி கவர்ச்சியானது, ஏனென்றால் வீட்டைவிட்டு வெளியே போகவே வேண்டாம். ஐரோப்பாவின் கோப்பர்நிக்கஸ் திட்டம் தரும் நில உயரத் தரவை இறக்கிக்கொண்டு, கடல்மட்டத்துக்கு மேல் இத்தனை மீட்டருக்குக் கீழுள்ள இடமெல்லாம் நீலம் என்று சொன்னால், சில நிமிடத்தில் தீவு முழுவதற்கும் ஒரு படம் வந்துவிடும். பார்க்கிறவர்களும் நம்பிவிடுவார்கள்.

ஆனால் அந்தத் தரவின் ஒரு கட்டம் 30 மீட்டர். 20 அடி அகல வரிசை வீடு என்றால் ஐந்து வீட்டுக்கு ஒரே உயரம். அதன் உயரத் துல்லியத்துக்குச் சொல்லப்படும் வரம்பு 4 மீட்டர். நமக்குத் தெரிய வேண்டியதோ முழங்காலா இடுப்பா என்ற அரை மீட்டர் வித்தியாசம். இன்னொன்று, அது தரையின் உயரம் அல்ல; கூரை, மரம் எல்லாம் சேர்ந்த மேற்பரப்பின் உயரம். அதனால் நிரப்பிய படத்தில் விளையாட்டுத் திடல் முழுக்க நீலமாகவும், அதை ஒட்டிய வீட்டு வரிசைகள் உலர்ந்த தீவுகளாகவும் தெரியும். இப்படி ஒரு படம் உங்கள் கைக்கு வந்தால், அது தரையை அளக்காமல் கூரையை அளந்தது என்று உடனே தெரிந்துகொள்ளலாம். வீடுகளையும் மரங்களையும் கழித்துச் சீர்படுத்திய தரவும் உண்டு. அது பரவாயில்லை, ஆனால் சந்து அளவுக்குத் துல்லியம் போதாது.

விமானத்திலிருந்து லேசரால் எடுத்த உயரத் தரவு கிடைத்தால் கதை வேறு. அது அரசுத் துறைகளிடம் இருக்கும். மாவட்ட அலுவலகம் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு, நம்மைப் போன்றவர்களுக்குக் கடினம். அதிலும் சாலைக்கு அடியில் போகும் குழாய்ப் பாலங்கள் தெரியாது. கணினி அந்தச் சாலையை அணை என்று நினைத்துக்கொள்ளும். குழாய் இருக்கும் இடத்தை நேரில் பார்த்துத் திறந்துவிட வேண்டும்.

எங்கே நடந்து பார்க்க வேண்டும் என்று முதலில் தேர்ந்தெடுப்பதற்கு மட்டும் இந்த வழியைப் பயன்படுத்தினோம். அறிக்கையில் அந்தப் படத்தைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் அதைத்தான் பிரதி எடுத்துச் சுற்றுக்கு விடுவார்கள் என்பது என் அச்சம்.

வீடு வீடாகத் தடம் எடுப்பது

மூன்றாவது வழிக்குக் கால் வலி உண்டு, ஆனால் கருவி குறைவு. உயர வித்தியாசம் பார்க்கும் ஓர் ஆட்டோ லெவல் கருவி, அதன் முக்காலி, அளவுக்கோல், ஒரு டேப், கைப்பேசி. வெள்ளம் விட்டுப்போன அடையாளம் சுவரில் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்து, அது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அந்தத் தரை கடல்மட்டத்துக்கு மேல் எவ்வளவு என்று மட்டம் எடுக்க வேண்டும்.

முதல் சிக்கல், எந்த வெள்ளம் என்பது. 2017-இல் மட்டும் பினாங்கில் இரண்டு பெரிய வெள்ளம். ஒன்று செப்டம்பர் 15, இன்னொன்று நவம்பர் 4 இரவு தொடங்கி 5 வரை. "எந்தத் தேதி?" என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் 18-இல் வந்தது, அதாவது இரண்டுக்கும் நடுவில். அதனால் நாங்கள் கேட்ட கேள்வி இதுதான்: "தீபாவளிக்கு முன்னாடி வந்ததா, பின்னாடி வந்ததா அக்கா?"

"முன்னாடி வந்தது வாசலோட போயிருச்சு தம்பி. பின்னாடி வந்ததுதான் ஐஸ் பெட்டியையே தூக்கிருச்சு."

இந்த ஒரு கேள்வியில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. மலாய், சீனக் குடும்பங்களிடம் மலேசிய தினத்துக்கு முந்தின நாளா, வார இறுதி ராத்திரியா என்று கேட்டோம். நவம்பர் 4 சனிக்கிழமை, செப்டம்பர் 15 வெள்ளிக்கிழமை என்பதால் அதுவும் வேலை செய்தது. அந்தச் சனிக்கிழமை ஐப்பசிப் பௌர்ணமி என்பதையும் மறந்துவிடக் கூடாது. பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும். ஆற்று வாயில் கடல் ஏறி நிற்கும்போது மழைநீர் வெளியேற வழியில்லை. அதே மழை வேறு நாளில் பெய்திருந்தால் தடம் இன்னும் கீழே இருந்திருக்கும்.

இரண்டாவது சிக்கல், எது தடம் என்பது. செங்கல் சுவர் தண்ணீரை உறிஞ்சி மேலே இழுக்கும். ஈரக்கறை நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலேகூட ஏறி நிற்கும். தெருப்பக்கச் சுவரில் லாரி போனபோது அடித்த அலையும் தடம் விட்டிருக்கும். நம்பத் தகுந்தது, வீட்டுக்குள் நேராக, மெல்லிய கோடாக ஒட்டியிருக்கும் சேற்றுத்தடம். அலமாரியின் பின்பக்கம், மின்சார மீட்டர் பெட்டிக்குள், கதவு நிலையின் உள்மூலை போன்ற, சாயம் பூசும்போது யாரும் தொடாத இடங்களில் அது ஆண்டுகள் கழித்தும் கிடைக்கும். ஒவ்வொரு தடத்துக்கும் தரம் கொடுத்தோம்: சேற்றுக் கோடு முதல் தரம், தேதி தெரிந்த புகைப்படம் இரண்டாம் தரம், "இடுப்பு வரைக்கும்" என்ற நினைவு மூன்றாம் தரம். புகைப்படம் கேட்கும்போது வாட்ஸ்அப்பில் வந்த பிரதியை வாங்காதீர்கள். அதில் எடுத்த நேரம் அழிந்து, அனுப்பிய நேரம்தான் இருக்கும். எடுத்தவரின் கைப்பேசியில் உள்ள மூலப்படத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிலர் தடத்தைக் காட்ட மாட்டார்கள். வீட்டை விற்கப் போகிறவர்களுக்கு விலை இறங்கிவிடுமோ என்ற பயம். அது நியாயமான பயம். வீட்டு எண்களை அறிக்கையில் போட மாட்டோம், சந்து வரைக்கும்தான் காட்டுவோம் என்று எழுதிக் கொடுத்த பிறகு பலர் கதவைத் திறந்தார்கள்.

ஒரு சந்தின் கணக்கு

இந்த வழியின் வலிமை எங்கே இருக்கிறது என்பது ஒரு கணக்கைப் பார்த்தால்தான் புரியும். சந்தின் பெயரைச் சொல்லவில்லை. எண்களையும் விளக்கத்துக்காகச் சற்று மாற்றியிருக்கிறேன். உயரங்கள் எல்லாம் சராசரிக் கடல்மட்டத்துக்கு மேல்.

நில அளவைத் துறையின் உயரக் குறியிலிருந்து மட்டம் கொண்டுவந்து, சந்து முனையில் இருக்கும் லோங்காங் கரைச்சுவரில் ஒரு புள்ளியை 2.40 மீட்டர் என்று நிறுத்திக்கொண்டோம். அதன்மேல் வைத்த அளவுக்கோலில் 1.35 தெரிந்தது. ஆகவே கருவியின் பார்வைக்கோடு 3.75. முதல் வீட்டுத் தரையில் கோல் 1.55 காட்டியது, தரை 2.20. அங்கே சேற்றுக்கோடு தரையிலிருந்து 0.62 மேலே. நீர்மட்டம் 2.82.

சந்தின் கடைசி வீட்டுத் தரை 1.90. கோடு 0.95 உயரத்தில். நீர்மட்டம் 2.85. ஒரு வீட்டில் முழங்காலுக்குச் சற்று மேல், இன்னொன்றில் இடுப்பு. ஆழம் வேறு வேறு, ஆனால் நீர்மட்டம் மூன்று சென்டிமீட்டருக்குள் ஒத்துப்போகிறது. ஒரே குளமாக நின்ற தண்ணீர் அப்படித்தான் ஒத்துப்போக வேண்டும். நடு வீட்டில் 3.02 வந்தது. திரும்பப் போய்ப் பார்த்தபோது அது சேற்றுக்கோடு இல்லை, உறிஞ்சிய ஈரக்கறை. அதை நீக்கிவிட்டோம். ஆழத்தை மட்டும் எழுதி வைத்திருந்தால் இந்தத் தப்பைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. வெறும் "மூன்று அடி, நாலு அடி" என்று பட்டியல் தரும் அறிக்கைகளின் குறை இதுதான்.

அடுத்து நடந்ததுதான் எங்களுக்கே புதுச் செய்தி. பெரிய சாலையைத் தாண்டி ஆற்றோரமாக எடுத்த நல்ல தடங்கள் எல்லாம் 2.45-ஐ ஒட்டி நின்றன. சந்துக்குள் தண்ணீர் ஆற்றைவிடச் சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்தில் நின்றிருக்கிறது. நடுவில் இருக்கும் சாலையின் முதுகு 2.75. ஆக, ஆறு ஏறி வந்து சந்தை மூழ்கடிக்கவில்லை. சந்துக்குள் விழுந்த மழையும் பின்பக்கத்திலிருந்து வந்த லோங்காங் நீரும், சாலைக்கு அடியில் உள்ள குழாய் வழியே போக முடியாமல் தேங்கி, கடைசியில் சாலை முதுகின் மேல் வழிந்திருக்கின்றன. "ரோட்டு மேல லேசா ஓடிச்சு" என்று இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னது இதோடு பொருந்தியது. இந்தச் சந்துக்கு ஆற்றுச் சுவரை உயர்த்துவதால் பலன் குறைவு. குழாயைத் தூர்வாருவதும், அதன் வாயில் பம்பு வைப்பதும்தான் முதலில் வேண்டும். வடிகால் நீர்ப்பாசனத் துறைக்குப் போகும் பக்கத்தில் இதைத் தனியாக எழுதினோம். குழாய் அடைத்திருந்ததா, கடல் ஏற்றத்தால் வாயே மூடியிருந்ததா என்பதைத் தடத்தை வைத்துச் சொல்ல முடியாது. அதையும் அங்கேயே எழுதினோம்.

மண்டபமும் நேரமும்

மாவட்ட அலுவலகத்துக்குப் பயன்பட்டது இன்னொரு கணக்கு. இந்தச் சந்து மக்களுக்கு நாங்கள் நினைத்து வைத்திருந்த துயர் துடைப்பு மையம் ஒரு மண்டபம். அதன் தரை 3.30, வெள்ளமே தொடாது. எந்த வரைபடத்தில் பார்த்தாலும் பாதுகாப்பான இடம். ஆனால் சந்திலிருந்து அங்கே போகும் ஒரே வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதன் உயரம் 1.80. அதாவது, சந்தின் தாழ்வான வீட்டுக்குள் தண்ணீர் எட்டிப்பார்க்கும் நேரத்தில் (1.90) பள்ளத்தில் ஏற்கெனவே 10 சென்டிமீட்டர். முதல் வீட்டுக்காரர் தன் வாசலில் தண்ணீரைப் பார்த்துக் கிளம்பினால் (2.20) பள்ளத்தில் 40. காரும் மோட்டாரும் அதில் போகக் கூடாது. உச்சத்தில் ஒரு மீட்டரைத் தாண்டும்.

"வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் கிளம்புங்கள்" என்ற அறிவிப்பு இந்தச் சந்துக்குக் காலங்கடந்த அறிவிப்பு. ஆகவே அறிக்கையில் இரண்டு தேர்வுகளைக் கொடுத்தோம். மண்டபத்தை வைத்துக்கொள்வதானால், வீட்டை அளவுகோலாக்காமல் பள்ளத்தை அளவுகோலாக்குங்கள்: அங்கே ஒரு வர்ணக் கம்பம் நட்டு, தார் மறைந்ததும் கிளப்புங்கள். இல்லையென்றால், சாலை முதுகின் வழியாக நடந்தே போகக்கூடிய, மறுபக்கப் பள்ளியை இந்தச் சந்துக்கு ஒதுக்குங்கள். நான் இரண்டாவதைத்தான் விரும்புகிறேன். நள்ளிரவில் கம்பத்தைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த ஆள் தூங்காமல் இருக்க வேண்டும். சாலை முதுகுக்கு அதெல்லாம் தேவையில்லை. உச்சத்திலும் அதன்மேல் பத்து சென்டிமீட்டருக்கு மேல் ஓடவில்லை. பள்ளி சற்றுத் தூரம், பாட்டி தாத்தாக்களை முன்கூட்டியே வண்டியில் ஏற்ற வேண்டியிருக்கும் என்பது அதன் குறை.

எதை எழுதவில்லை என்பதும் அறிக்கைதான்

தடம் எடுக்கும் வழிக்கும் எல்லைகள் உண்டு. அவற்றைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் போடாமல் படத்தின் மேலேயே போட்டோம். நல்ல தடம் இருக்கும் இடத்தில் முழுக்கோடு, இரண்டு தடங்களுக்கு நடுவில் நாங்களாக ஊகித்த இடத்தில் விட்டு விட்டுப் போட்ட கோடு, யாரும் கதவு திறக்காத பகுதியில் சாம்பல் நிறம். சாம்பல் என்றால் வெள்ளம் இல்லை என்று பொருள் அல்ல, தெரியவில்லை என்று பொருள். வாடகை வீடுகள் நிறைந்த ஒரு வரிசை முழுக்க இப்படிச் சாம்பலாகவே நின்றுவிட்டது, ஏனென்றால் 2017-இல் அங்கே இருந்தவர்கள் இப்போது இல்லை.

ஆழத்தை மூன்றே நிறத்தில் காட்டினோம்: முழங்காலுக்குக் கீழ், முழங்காலிலிருந்து இடுப்பு, இடுப்புக்கு மேல். தடத்தில் சில சென்டிமீட்டர், மட்டத்தில் சில, தெருத்தரை ஏற்ற இறக்கத்தில் சில என்று பிழை சேர்ந்து பத்து சென்டிமீட்டரை எட்டும்போது, பத்து பத்து சென்டிமீட்டராக நிறம் பிரிப்பது பொய்யான துல்லியம்.

இந்தப் படம் ஒரே ஒரு வெள்ளத்தின் உச்சத்தைக் காட்டுகிறது. எவ்வளவு வேகமாக ஏறியது, ஓட்டம் எவ்வளவு என்பது இதில் இல்லை. இதைவிடப் பெரிய மழைக்கு எல்லை எங்கே போகும் என்பதும் இல்லை. அதற்கு வடிகால் அகலம், ஆழம், கடல் ஏற்றம் எல்லாம் உள்ளிட்டு நீரோட்ட மாதிரி ஓட்ட வேண்டும். அது வடிகால் துறையும் பொறியாளர்களும் செய்யும் நீண்ட வேலை. பம்பு எவ்வளவு பெரியது என்று தீர்மானிக்க அது கட்டாயம். யாரை எந்த மண்டபத்துக்கு அனுப்புவது என்று அடுத்த பருவமழைக்குள் தீர்மானிக்க அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

எங்கள் பரிந்துரை இப்படி முடிந்தது. தீவின் தாழ்வான சந்துகளுக்குத் தடம் எடுத்த படம். செபராங் பிறை உத்தாராவின் வயல் பகுதிக்கு ரேடார், அதுவும் பயிர்ப் பருவத்தோடு ஒப்பிட்ட பிறகு. கணினியில் நிரப்பிய படம் ஆய்வுக்குப் போகும் முன் மட்டும், வெளியே தர வேண்டாம். அப்புறம், சாலைக்கு மறுபடி தார் போடும் ஒவ்வொரு முறையும் சாலை முதுகு, பள்ளம், குழாய் வாய் ஆகிய மூன்று புள்ளிகளை மட்டுமாவது மறுபடி மட்டம் எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். சாலை ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால், அது வழிவதற்கு முன் சந்துக்குள் தேங்கும் நீரும் ஐந்து சென்டிமீட்டர் உயரும், வீட்டுத் தரை மட்டும் அப்படியே இருக்கும்.